ஓராண்டு இடைவெளிக்குப் பின் பார்பெல்: முதல் எட்டு வாரங்கள்

ஒரு வருடமோ அதற்கு மேலோ எடைப் பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்கு எப்படி அட்டவணை போடுவது என்று கேட்டால், பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். வெறும் பாரில் தொடங்கு, புதியவனைப் போல ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்று என்பது ஒரு கட்சி. பழைய அதிகபட்ச எடையில் பாதியையோ அறுபது சதவீதத்தையோ எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்த அட்டவணையையே தொடர் என்பது இரண்டாவது. எண்ணெல்லாம் வேண்டாம், அன்றன்று உடம்பு சொல்வதைக் கேள், இன்னும் மூன்று நான்கு ரெப் போடலாம் என்று தோன்றும்போது நிறுத்து என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றுமே ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன: திரும்பி வருபவருக்கு வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. முதல் இரண்டு வாரம் அவரைத் தடுத்து நிறுத்துவது தசையில் ஏற்படும் சேதம். அதற்குப் பிறகான ஆறு வாரம் தசைநாண்கள். எட்டு வார அட்டவணையை இந்த இரண்டையும் பார்த்துத்தான் போட வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. தசை மறப்பதில்லை. 1991இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்டாரன் குழு, 20 வாரம் கால் பயிற்சி செய்து, பிறகு 30 வாரத்துக்கும் மேல் நிறுத்திவிட்ட பெண்களை மறுபடி 6 வாரம் பயிற்சி செய்ய வைத்தது. முதல் தடவை 20 வாரம் பிடித்த வளர்ச்சியின் பெரும்பகுதி அந்த 6 வாரத்திலேயே திரும்பியது. காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் குண்டர்சன். தசை நார் பருக்கும்போது புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை மெலிந்தாலும் அவை அழியாமல் தங்கிவிடுகின்றன என்பதை 2010இல் எலிகளிடம் அவர் குழு காட்டியது. மனிதர்களிடம் இது இவ்வளவு தெளிவாகக் கிடைத்துவிடவில்லை. சில ஆய்வுகள் ஆதரிக்கின்றன, சில கைவிரிக்கின்றன. தசையின் மரபணுக்களில் பழைய பயிற்சியின் இரசாயனத் தடம் மிஞ்சியிருக்கிறது என்று 2018இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னொரு விளக்கம் தந்தது. எந்த விளக்கம் வென்றாலும் ஜிம்மில் நடப்பது மாறப்போவதில்லை: போனது வேகமாகத் திரும்புகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதம் பயிற்சி, சில மாதம் இடைவெளி என்ற அளவில் நடந்தவை. ஆறேழு வருடம் தூக்கியவர் இரண்டு வருடம் விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் ஆய்வகத்தில் உட்கார்ந்து அளக்கவில்லை. அதற்குப் பயிற்சியாளர்களின் அனுபவம்தான் ஆதாரம். அந்த அனுபவமும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

இனி கெட்ட செய்தி. தசைக்கு இன்னொரு நினைவு உண்டு, அது ஓராண்டுக்குள் அழிந்துவிடும். எடையை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உட்கார எழ முடியாமல் வலிப்பது பெரும்பாலும் இந்த இறக்கத்தால்தான். ஒரே பயிற்சியை இரண்டாம் முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பாதுகாப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்று கென் நோசாகா குழு 2001இல் சோதித்தது. முழங்கையை மடக்கும் தசையை ஒரு முறை கடுமையாக வேலை வாங்கிவிட்டு, 6, 9, 12 மாதங்கள் கழித்து அதே வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்தவர்களிடம் பாதுகாப்பு மிச்சம் இருந்தது. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அது போய்விட்டது. ஓராண்டு இடைவெளி என்ற வரம்பு வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது இதனால்தான். நான்கு மாதம் விட்டவருக்கும் பதினான்கு மாதம் விட்டவருக்கும் வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம்; முதல் நாள் பயிற்சிக்கு அவர்கள் தசை தரும் பதில் முற்றிலும் வேறு.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரியும். வேலை செய்யும் திறன் மிச்சம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. புதியவர் தன்னைத்தானே அவ்வளவு சேதப்படுத்திக்கொள்ள முடியாது. அவருக்கு அந்த அளவுக்குத் தூக்கத் தெரியாது. திரும்பி வருபவருக்குத் தெரியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் கதை போதும். 2011 ஜனவரியில், சுமார் மூன்று வார விடுமுறை முடிந்து வந்த வீரர்களுக்கு, ஒவ்வொருவரின் அதிகபட்ச ஸ்குவாட் எடையில் பாதியை வைத்து நூறு ரெப் கொடுக்கப்பட்டது. சில நாளில் 13 பேர் ராப்டோமயோலிசிஸ் என்ற நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிதைந்த தசை நார்களிலிருந்து மையோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. இத்தனைக்கும் அவர்கள் இளைஞர்கள், முழுநேர விளையாட்டு வீரர்கள், இடைவெளி வாரக் கணக்கில்தான்.

இதுபோன்ற சம்பவங்களைப் பார்த்து, அமெரிக்க வலிமைப் பயிற்சியாளர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து 2019இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. அதில் உள்ள ஒரு கணக்கு நம் ஜிம்களில் ஒட்டிவைக்கத் தகுந்தது. ஒரு பயிற்சியின் செட், ரெப், அதிகபட்ச எடையில் எத்தனை பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கு. இடைவெளிக்குப் பின்னான நாட்களில் விடை 30ஐத் தாண்டக் கூடாது. அயோவாவில் நடந்ததைப் போட்டுப் பாருங்கள்: நூறு ரெப், பாதி எடை, விடை 50. முதல் வாரம் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது.

நம் ஊர் வழக்கம் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. திங்கள் என்றால் மார்பு, செவ்வாய் என்றால் முதுகு என்று பிரிப்பதுதான் இங்கே பெரும்பாலான ஜிம்களின் அட்டவணை. மார்பு நாளில் நான்கு வகைப் பயிற்சி, ஒவ்வொன்றிலும் நான்கு செட் என்றால், ஒரே தசைக்கு ஒரே நாளில் பதினாறு செட். வழக்கமாகச் செய்பவருக்கு அது பரவாயில்லை. திரும்பி வருபவருக்கு அதைவிட மோசமான முதல் நாளை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். அடுத்த ஆறு நாள் வலியிலேயே போய், மறு திங்கள்தான் மார்புக்கு மறுபடி வேலை வரும். முதல் எட்டு வாரத்துக்கு இந்தப் பிரிவினையைக் கைவிட்டு, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் கொஞ்சம் என்று மாற்றுவதே ஒரே பெரிய சீர்திருத்தம். மற்றவை எல்லாம் அதற்குள் செய்யும் சரிக்கட்டல்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வயது 38, எடை 78 கிலோ, பதினெட்டு மாத இடைவெளி, இடைவெளிக்குக் காரணம் வேலையும் குழந்தையும், காயம் இல்லை. பழைய அதிகபட்சம் ஸ்குவாட்டில் 140, பெஞ்ச் பிரஸ்ஸில் 100, டெட்லிஃப்டில் 170 கிலோ. இப்போது ஸ்குவாட் எவ்வளவு இருக்கும்? சோதித்துப் பார்க்கக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 105 என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஸ்குவாட்டில் 60 கிலோ, எட்டு ரெப், இரண்டே செட். அந்தப் பெருக்கல் கணக்கில் இது 9 சொச்சம்தான் வரும். கேலியாகத் தோன்றும், வியர்வைகூட வராது. ஆனால் நோசாகா குழுவே செய்த இன்னொரு சோதனை இதற்குத் துணை நிற்கிறது. முழங்கைத் தசைக்கு முதலில் இரண்டே இரண்டு அல்லது ஆறு முறை மட்டும் இறக்க வேலை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து 24 முறை கொடுத்தார்கள். அந்தச் சின்ன வேலையே பின்னால் வந்த பெரிய வேலையின் சேதத்தைக் குறைத்தது. முதல் வாரத்தின் இரண்டு செட் ஒரு தடுப்பூசி. வளர்ச்சிக்கான மருந்து அதில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை.

பெஞ்ச் பிரஸ் 40 கிலோவில் இதேபோல இரண்டு செட். டெட்லிஃப்ட் 70 கிலோவில் ஐந்து ரெப், இரண்டு செட், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மற்ற இரண்டு நாளும் கேபிளில் உட்கார்ந்து இழுக்கும் ரோ, புல்டவுன். முதல் இரண்டு வாரம் எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதும் அட்டவணைதான். தசை முழுதாக நீண்ட நிலையில் பாரம் தாங்கும் பயிற்சிகள்தான் அதிகச் சேதம் செய்பவை. ஆகவே முழங்காலை அதிகம் மடக்காமல் இறக்கும் ரொமானியன் டெட்லிஃப்ட், நீளமான லஞ்ச், டம்பெல் ஃப்ளை, பிரீச்சர் கர்ல் எல்லாம் மூன்றாம் வாரம் வரை காத்திருக்கட்டும். மேலே குதித்து ஏறி மெதுவாக இறங்கும் புல்-அப்பும் அப்படியே. கை நீட்ட முடியாமல் மருத்துவரிடம் போகிறவர்கள் பலர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டாம் வாரம் எடை ஏறாது, செட் மட்டும் மூன்றாகும். வலி லேசாக இருந்தால் மூன்றாவது நாள் ஸ்குவாட் 67.5 கிலோவுக்குப் போகலாம். லேசு என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த பயிற்சி நாளில், வார்ம்-அப் செட் முடியும்போது வலி மறந்துபோயிருக்க வேண்டும். மறக்கவில்லை என்றால் அன்றும் பழைய எடையே, ஒரு செட் குறைவாக.

வலி எது, ஆபத்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நான்கைந்து நாளில் கரையும். தசை வீங்கி இறுகி, கையை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போய், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் பார்ப்பார்கள். இடையில் வலி மாத்திரை போட்டுக்கொள்வது தவறு; புரூஃபன் வகை மாத்திரைகள் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. கொழுப்பைக் குறைக்க ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்கள் முதல் வாரத்தை இன்னும் சிறியதாக வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத ஜிம் என்றால் எல்லோருமே.

மூன்றாம் வாரம் தொடங்கும்போது ஆட்டம் மாறுகிறது. சேதத்தின் கட்டம் முடிந்தது, பார் லேசாகிவிட்டது, பழைய கை திரும்பிவிட்டது. ஒவ்வொரு நாளும் பத்து கிலோ ஏற்றலாம் போலிருக்கும், உண்மையில் ஏற்றவும் முடியும். இங்கேதான் தசைநாண் வருகிறது.

தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு, அதன் மாற்றங்கள் மெதுவானவை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெய்தாரோ குபோ 2010இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று மாதப் பயிற்சியையும் மூன்று மாத ஓய்வையும் தொடர்ந்து அளந்தார். தொடை வலிமை இரண்டாம் மாதத்திலேயே தெளிவாக ஏறியிருந்தது. தசைநாணின் விறைப்பு மூன்றாம் மாதத்தில்தான் ஏறியது. நிறுத்தியபோது கதை தலைகீழ்: இரண்டே மாதத்தில் தசைநாண் தொடங்கிய இடத்துக்கே போய்விட்டது, வலிமையோ மூன்று மாதம் கழித்தும் மிச்சமிருந்தது. பதினெட்டு மாதம் விட்டவரிடம் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். பழைய வலிமையை நினைவில் வைத்திருக்கும் தசை ஒரு பக்கம், எதையும் நினைவில் வைக்காத தசைநாண் இன்னொரு பக்கம்.

ஆகவே, உடம்பு சொல்வதைக் கேள் என்ற மூன்றாவது கட்சியின் அறிவுரை இந்தக் கட்டத்தில் மட்டும் போதாமல் போகிறது. இன்னும் எத்தனை ரெப் மிச்சம் என்ற உணர்வைச் சொல்வது தசை. தசைநாண் அன்றைக்கு எதுவும் சொல்லாது, மூன்று வாரம் கழித்துச் சொல்லும். எனவே இரண்டு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று, மூன்று ரெப்பாவது மிச்சம் வைத்து நிறுத்துவது. மற்றொன்று, எவ்வளவு எளிதாக இருந்தாலும் வாரத்துக்கு ஸ்குவாட்டில் 7.5, பெஞ்சில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாதிருப்பது. எது முதலில் இழுக்கிறதோ அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

நம் உதாரணத்தில் மூன்றாம் வாரம் 75, நான்காம் வாரம் 82.5, ஐந்தாம் வாரம் 90 கிலோ. மூன்று செட், ஆறு ரெப். மூன்றாம் வாரம் எட்டு ரெப் மிச்சம் இருக்கும், எரிச்சலாக இருக்கும். ஐந்தாம் வாரம்தான் மிச்சம் மூன்றுக்கு வந்து, இரண்டு கயிறும் ஒன்றாக இறுகும். அப்படித்தான் இருக்க வேண்டும். பெஞ்ச் இதே மூன்று வாரத்தில் 50, 55, 60. டெட்லிஃப்ட் வாரம் பத்து கிலோ என்ற கணக்கில் போகலாம், நாள் மட்டும் ஒன்றே. ரொமானியன் டெட்லிஃப்ட் இப்போது இரண்டாவது நாளில், ஸ்குவாட் எடையில் பாதியோடு உள்ளே வரலாம்.

சின்ன விஷயங்கள் சில, ஆனால் ஆளைப் படுக்க வைப்பவை. பாரைத் தோள்பட்டையின் கீழ்ப்பக்கம் வைத்து ஸ்குவாட் செய்து பழகியவர்கள் முதல் மாதம் மேலே, கழுத்தடித் தசையில் வைத்துக்கொள்வது நல்லது. மேசையில் குனிந்து உட்கார்ந்த ஒன்றரை வருடத்தில் தோள் இறுகியிருக்கும். அந்தத் தோளோடு பாரைக் கீழே பிடித்தால் உள் முழங்கை வலி ஆரம்பித்து பெஞ்ச் பிரஸ்ஸையும் கெடுக்கும். டெட்லிஃப்டில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று பிடிப்பதை எட்டு வாரத்துக்கு மறந்துவிடலாம். அப்படிப் பிடிப்பவர்களில் பைசெப்ஸ் தசைநாண் அறுவது உள்ளங்கை முன்னோக்கியிருக்கும் கையில்தான். இரண்டு கையும் ஒரே பக்கம், பிடி நழுவினால் ஸ்ட்ராப். உள்ளங்கைக் காய்ப்பும் போயிருக்கும் என்பதால் ஸ்ட்ராப் வெட்கப்பட வேண்டிய பொருளல்ல.

தசைநாண் தகராறு செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தசை வலி பரவலாக இருக்கும், உள்ளங்கையால் தடவிக் காட்டுவோம். தசைநாண் வலியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டலாம்: முழங்கால் சில்லுக்குக் கீழே, முழங்கையின் உள்முனை, தோளின் முன்பக்கம். வார்ம்-அப்பில் குறைந்து, பயிற்சியில் காணாமல் போய், மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது விறைப்போடு திரும்பி வரும். பயிற்சியின்போது மறைந்துவிட்டதே என்று ஏமாறுவது இங்கே வழக்கமான தவறு. அளவுகோல் மறுநாள் காலைதான். குதிகால் தசைநாண் வலிக்காரர்களிடம் ஸ்வீடனில் கரின் சில்பர்நாகல் நடத்திய ஆய்வுகளில், பத்துக்கு ஐந்து வரை வலி இருந்தாலும் மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடர அனுமதித்தார்கள், அதனால் குணம் கெடவில்லை. மருத்துவரின் மேற்பார்வை இல்லாதவர் பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்துவதில்லை. இரண்டு வாரம் பின்னால் இருந்த எடைக்குப் போய், மூன்று நொடி எடுத்து இறக்கி, மூன்று நொடி எடுத்து ஏற்றுவது. முழு ஓய்வு தசைநாணுக்குத் தீர்வு அல்ல. ஓய்வில்தானே அது இந்த நிலைக்கு வந்தது.

ஆறாம் வாரம் ஏற்றம் இல்லை. ஸ்குவாட் அதே 90 கிலோ, இரண்டு செட். இதைப் பலர் தாண்டிப் போவார்கள், ஏனென்றால் சோர்வு எதுவும் தெரிவதில்லை. இந்த வாரம் சோர்வுக்காக வைத்ததல்ல. ஐந்து வாரமாக ஏறிய பாரத்துக்குத் தசைநாண் கொடுக்கும் பதில் வெளியே தெரிய ஒரு வார அவகாசம். விரல் வைத்துக் காட்டும் இடம் ஏதேனும் இருந்தால் இப்போது தெரிந்துவிடும்.

ஏழாம் வாரம் 95, எட்டாம் வாரம் 100 கிலோ, நான்கு செட், ஐந்து ரெப், மிச்சம் இரண்டு. பெஞ்ச் 65, 70.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம், இவருக்கு 125 கிராம். இட்லி சாம்பார் காலையிலிருந்து அது வராது என்பதால் முட்டை, பருப்பு, பன்னீர், கோழி என்று திட்டமிட வேண்டியிருக்கும். தொப்பையைக் குறைப்பதற்காகவே திரும்பி வருபவர்கள் முதல் நாளிலேயே பட்டினியையும் சேர்த்துத் தொடங்குகிறார்கள். முதல் இரண்டு வாரச் சேதம் ஆறும்வரை சாப்பாட்டில் கை வைக்காமல், மூன்றாம் வாரம் தொடங்கினால் இரண்டும் நடக்கும். தசை திரும்பி வரும் இந்த மாதங்களில் கொழுப்பு குறைந்துகொண்டே வலிமை ஏறுவது சாத்தியம். பிற்பாடு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

இந்த எண்கள் எல்லோருக்கும் பொருந்தா. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லெம்மர் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், 31 வார ஓய்வில் இருபதுகளில் இருந்தவர்கள் சுமார் 8 சதவீத வலிமையை இழந்தார்கள், அறுபத்தைந்து தாண்டியவர்கள் சுமார் 14. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வார ஏற்றத்தைப் பாதியாக்கி, இதே அட்டவணையைப் பன்னிரண்டு வாரத்துக்கு நீட்டலாம். அறுவை சிகிச்சை, நெஞ்சு வலி, நீண்ட காய்ச்சல் போன்றவற்றால் இடைவெளி விட்டவர்களுக்கு மருத்துவர் சொல்வதுதான் முதல் வாரம்.

எட்டாம் வாரக் கடைசி நாளில் சோதனை ஒன்று உண்டு, ஆனால் அதிகபட்ச எடையைத் தூக்கிப் பார்ப்பதல்ல. வழக்கமான வார்ம்-அப்புக்குப் பின் 105 கிலோவில் மூன்று ரெப். இன்னும் இரண்டு மிச்சம் என்று உணர்ந்தால் அது ஐந்து ரெப்புக்குச் சமம். எப்லி சூத்திரத்தில் போட்டால் 105 × (1 + 5/30) = 122.5. பழைய 140இல் ஏறக்குறைய 87 சதவீதம். இந்த எண் 115க்கு மேல் வந்து, காலை விறைப்பு எங்கும் இல்லை என்றால் ஒன்பதாம் வாரம் சாதாரண அட்டவணைக்குப் போகலாம். மார்பு நாள், கால் நாள் பிரிவினையை விரும்புபவர்கள் இங்கிருந்து மெல்ல அதற்குத் திரும்பலாம், ஒரு நாளில் ஒரு தசைக்கு எட்டு செட் என்று தொடங்கி. 115க்குக் கீழே என்றாலோ, விரல் வைத்துக் காட்டும் வலி ஏதேனும் இருந்தாலோ, ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இன்னொரு சுற்று. இரண்டிலும் இனிச் சதவீதக் கணக்கு 122.5 போன்ற புதிய எண்ணை வைத்துத்தான். பழைய நோட்டிலிருக்கும் 140ஐ வைத்து எழுபத்தைந்து சதவீதம் போட்டால் 105 வரும். அதில் ஐந்து ரெப்பை நான்கு செட் என்பது இன்றைக்கு இவருக்கு ஒவ்வொரு செட்டும் கடைசி மூச்சு வரை போகும் வேலை.